முத்துசாமி எடுத்த கடைசிப் படம்

சமையலறையில் ஏதோ சடாரென்று விழுந்தது. கனகவல்லி பாதி எழுந்துவிட்டாள்.

"கரண்டிம்மா, கை தவறிடுச்சு," என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள் மகள் நிரஞ்சனா.

ஈசூன் பக்கத்தில் மாமனார் விட்டுப்போன தரைவீடு அது. லிட்டில் இந்தியாவில் பூக்கட்டிச் சிவந்த விரல்களோடு தினமும் இங்கேதான் திரும்புவாள் கனகவல்லி. சாங்கி விமான நிலையத்தில் சரக்கு வேலை பார்த்த கணவர் முத்துசாமி, கயிற்றைப் பாம்பென்று கத்தி அவளை அலறவைத்துச் சிரிக்கிற மனிதர். இறந்த அன்று மாலை செடிக்குத் தண்ணீர் விடப் போனவர், "வல்லி! முதலை!" என்று கத்தினார். அவள் பயத்தில் பின்கதவைத் தாழிட்டாள். பிறகு திறந்தபோது அவர் தரையில் கிடந்தார். மாரடைப்பு என்றார் மருத்துவர். தாழ்ப்பாள் விஷயம் மகளுக்குக்கூடத் தெரியாது.

அது முதலையாக இருந்துவிட வேண்டும் என்பதே இப்போது அவளுடைய ஒரே பிரார்த்தனை.

எதிரே விலங்கு மீட்புக் குழுவின் ஃபர்சானா. அன்று முத்துசாமி கைபேசியில் எடுத்திருந்த படத்தைக் கனகவல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்; அது மங்கலாக இருந்ததால், மூலப் படத்தையும் இடத்தையும் பார்க்க வந்திருந்தாள். பூந்தொட்டிக்குப் பின்னால் ஒரு பின்னங்காலும் பாதி வாலும் மட்டுமே தெரிந்தன. படத்தைப் பெரிதாக்கினாள்.

"முதலைக்குட்டின்னா வால் தொடங்குற இடத்துல, மேல்பக்கம் ரெண்டு வரிசைச் செதில் ரம்பம் மாதிரி நிமிர்ந்து நிக்கும் ஆன்ட்டி. இங்க இல்ல. பின்னங்கால்ல அதுக்கு நாலு விரல், நடுவுல சவ்வு. இதுல அஞ்சு விரல், தனித்தனியா நீள நகம்."

"அப்போ அரணையாம்மா? அரணை கடிச்சா மரணம்னு சொல்வாங்களே…"

"அதுக்கு விஷமே இல்ல ஆன்ட்டி. அரணை மீன் செதில் மாதிரி வழவழன்னு மின்னும், வால் உருண்டையா இருக்கும். முழுசா நீட்டினாலும் ஒரு முழம் வராது. இங்க பாதி வாலே தரை ஓடு ஒண்ணுக்கு மேல நீளுது. பக்கவாட்டுல தட்டையா, மணிமணியா தோல், மஞ்சள் புள்ளி. உடும்புதான் லா. நம்மளப் பார்த்தா ஓடிடும்." ஆறுதலாகச் சிரித்தாள். "அங்கிள் பயப்படவே இல்ல. எவ்வளவு கிட்டப்போய், கை நடுங்காம எடுத்திருக்காரு பாருங்க."

கனகவல்லி பின்கதவின் பக்கம் திரும்பினாள்.

"விளையாட்டுக்குத்தான் கத்தினாரு… கதவைத் தட்டினாரும்மா. முதலைக்குப் பயந்து தட்டுறாருன்னு நினைச்சேன். நெஞ்சு வலிச்சுத் தட்டியிருக்காரு. நான் திறக்கல. 'சுவரேறிக் குதிங்க'ன்னு உள்ளேருந்து கத்தினேன்…"

தேநீர்க் கோப்பைகளோடு சமையலறை வாசலில் நிரஞ்சனா நின்றிருந்தாள். எப்போதிருந்து நின்றாளோ. கோப்பைகளை மேசைமேல் வைத்தாள்.

"நிரஞ்சு…"

மகள் நிமிரவில்லை. ஃபர்சானா எழுந்தாள். கனகவல்லியின் தோளைத் தொட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். நிரஞ்சனா கதவைச் சாத்தினாள். சாத்திய கதவைப் பார்த்தபடியே, அம்மாவின் பக்கம் திரும்பாமல், நின்றாள்.