கூடாத கொழுந்து

எனக்குச் சந்தேகக் குணம். பதுளை பஜாரில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள் நான். சீனி மூட்டை வந்தால் சிட்டையில் எழுதிய நிறையை நம்பாமல் மறுபடி தராசில் ஏற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். பிறகு புள்ளியியல் படித்து, தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் தரவுகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் போனேன். சந்தேகப்படுவதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று என் தங்கை கேலி செய்வாள்.

அந்த வருடம் மடுல்சீமைத் தோட்டம் ஒன்றில் எங்களுக்குப் பரிசோதனைப் பாத்திகள் இருந்தன. வறட்சிக்குப் பிறகு மழை விழுந்ததும் கொழுந்து எவ்வளவு வேகமாக மீள்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். ஒரே மாதிரியான பாத்திகளைப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பாத்தியை முழுவதும் பறித்து நிறுப்போம். பறித்தது அந்தத் தோட்டத்து அக்கா ஒருவர். கை சுத்தம் என்று தோட்டமே சிபாரிசு செய்த ஆள். பாத்திகளைப் பார்த்துக்கொண்டவர் என்னுடன் வேலை செய்த பண்டாரவளைக்காரர், கடைத்தெருவில் துணி வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. கணக்கு என்னுடையது.

ஒரு நாள் அவர் கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், இது கூடமாட்டேங்குது."

பாத்தியின் மொத்த நிறை என்பது கொழுந்துகளின் எண்ணிக்கையை ஒரு கொழுந்தின் சராசரி நிறையால் பெருக்கினால் வருவது. பெருக்கலின் மடக்கை எடுத்தால் அது கூட்டலாகிவிடும். அந்த மடக்கையை வகையிட்டால் கிடைப்பது, ஒரு பொருள் தன் அளவில் எத்தனை பங்கு நாளுக்கு நாள் வளர்கிறது என்ற வீதம். ஆகவே எண்ணிக்கையின் வீதத்தையும் சராசரி நிறையின் வீதத்தையும் சும்மா கூட்டினால் மொத்தத்தின் வீதம் வந்தாக வேண்டும். எண்ணிக்கை நாளுக்கு நூற்றுக்கு நான்கு வளர்ந்தது. கொழுந்தின் நிறை மூன்று வளர்ந்தது. மொத்தம் ஏழு வளர்ந்திருக்க வேண்டும். தராசோ ஐந்து என்றது.

"தராசு பழுதா?" என்று கேட்டார்.

தராசு எப்போதும் பத்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டினாலும் வீதம் மாறாது. மாறாத எண்ணால் பெருக்கினால் மடக்கையில் மாறாத ஒன்றுதான் கூடும். அதன் வளர்ச்சி பூச்சியம். களவும் அப்படித்தான். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரே பங்கை ஒருவர் எடுத்துக்கொண்டே இருந்தால் வீதம் அதைக் காட்டிக்கொடுக்காது. இங்கே வீதமே இரண்டு குறைகிறது. அப்படியானால் தொலைகிற பங்கு வரவரப் பெருகுகிறது. முதல் பாத்தியில் ஒன்றும் தொலையவில்லை, இதுவரை பறித்த கடைசிப் பாத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் காணோம்.

இதை நான் சத்தமாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்து மேசையில் தொலைபேசியில் இருந்த எங்கள் பொறுப்பதிகாரி அதைப் பிடித்துக்கொண்டார். "முதல்ல கை நடுங்கும், அப்புறம் துணிச்சல் வந்துடும். களவு வளர்றது அப்படித்தானே" என்றார். எனக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. அந்த அக்கா பரிசோதனைக் கொழுந்தில் கொஞ்சத்தை, கூலிக்கு நிறுக்கும் தன் அன்றாடக் கொழுந்தோடு சேர்த்திருக்கலாம் என்று பேருந்தில் போகும்போதெல்லாம் நினைத்தேன்.

அதற்குள் பொறுப்பதிகாரி வழியாகச் செய்தி தோட்டத்துக்குப் போய்விட்டது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லோர் முன்னாலும், பீல்ட் ஆபிசர் அந்த அக்காவைப் பாத்தியிலிருந்து நிறுத்தி, மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டுகிற வேலைக்கு அனுப்பினார். "மடியில கனமில்லன்னா மொகம் ஏன் இப்புடிக் கறுக்குது?" என்று வேறு கேட்டாராம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அவருக்குப் பதிலாக வேறொருவர் பறித்தார். நிறை அப்போதும் ஐந்து வீதத்தில்தான் ஏறியது. "இவளும் கூட்டு" என்றார் பீல்ட் ஆபிசர். அப்போதுதான் என் சந்தேகம் பக்கம் மாறியது. இரண்டு கைகள் சொல்லிவைத்ததுபோல் ஒரே வளைகோட்டில் திருடுமா? மடக்கை படித்த திருடர்களா இவர்கள்?

நானே மடுல்சீமைக்குப் போனேன். பண்டாரவளைக்காரரையும் நம்பவில்லை, வழி முழுக்க அவர் எப்படி அளந்தார் என்று குடைந்துகொண்டே வந்தேன். எண்ணிக்கைக்குக் கம்பி வளையத்தைச் செடிமேல் வைத்து எண்ணுகிறார். சரி. சராசரி நிறைக்கு, கடைசியில் பறிக்கவிருந்த பாத்திகளில் முதல் நாளே நூறு கொழுந்துகளில் சிவப்பு நூல் கட்டி, அவற்றின் நீளத்தை அளந்து நிறையாக மாற்றுகிறார்.

"அதே நூறா?"

"அதே நூறுதான் மிஸ். அப்பதானே வளர்ச்சி தெரியும்?"

செடிமேல் குனிந்து பார்த்தேன். நூல் கட்டியவை எல்லாம் நெடுநெடுவென்று நின்றன. அவற்றைச் சுற்றி மழைக்குப் பிறகு புதிதாக விட்ட கொழுந்துகள், விரல் நுனியளவு, ஒன்றில்கூட நூல் இல்லை. எண்ணிக்கையை நான்கு வீதம் ஏற்றியவை இந்தக் குஞ்சுகள்தான். சராசரியை இழுத்துப் பிடித்தவையும் இவைதான். நாங்கள் எண்ணும்போது இவற்றைச் சேர்த்துக்கொண்டு, அளக்கும்போது விட்டுவிட்டோம்.

மொத்த நிறையை எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி கண்டால் உடனே கூடிவிடும். ஆனால் அது எந்தத் திருடன் இருந்தாலும் கூடும், சாட்சியாகாது. ஆகவே அடுத்து வந்த நாட்களில், மிச்சமிருந்த பாத்திகளில், வளையத்துக்குள் அகப்பட்ட எல்லாக் கொழுந்தையும், நூல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாங்களே பறித்துத் தனியாக நிறுத்தோம். ஒரு கொழுந்தின் சராசரி நிறை நாளுக்கு ஒன்றுதான் வளர்ந்தது. நான்கும் ஒன்றும் ஐந்து. ஒரு இலைகூடத் தொலையவில்லை.

எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. பொறுப்பதிகாரி தொலைபேசியில், தோட்டத்து மேலாளரான துரைக்கு ஒரு கடிதம் அனுப்பிவிடலாம் என்றார். அதைச் சொல்லத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். அந்த அக்கா வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"களவு போகலக்கா. எங்க கணக்குதான் பிழ. துரைக்குக் கடிதம் வருது."

"கடிதத்த யாரு மிஸ் படிக்கப் போறா? கள்ளின்னு பெரட்டுலதான சொன்னாங்க."

மறுநாள் பெரட்டில் நானே பேசினேன். பீல்ட் ஆபிசர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மடக்கை பற்றியெல்லாம் சொல்லவில்லை. பெரிய கொழுந்தை மட்டும் அளந்துவிட்டு, சின்னதையும் சேர்த்து எண்ணிவிட்டோம், பறித்தவர்கள் கையில் குற்றமில்லை என்றேன். பெண்கள் சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, "இம்புட்டுத்தானா?" என்றாள். அந்த அக்காவின் முகம் தெளிந்ததாக எனக்குப் பட்டது.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனேன். நாளையிலிருந்து மறுபடி பாத்திக்கு வாருங்கள், அடுத்த பரிசோதனைக்கும் நீங்கள்தான் என்றேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு.

"பெரட்டுல சொன்னீங்க, சந்தோசம் மிஸ். ஆனா அந்த வேல எனக்கு வேணாங்க."

"ஏன்க்கா? அதான் பிழையக் கண்டுபிடிச்சிட்டோமே."

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்தப் பிழையக் கண்டுபிடிச்சீங்க. அடுத்த தடவ ஒங்க கணக்கு கூடாமப் போனாலும், மொதல்ல என் கொழுந்துச் சாக்கத்தானே பாப்பீங்க?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என்னை எனக்குத் தெரியும். அவர் கான் வெட்டுகிற ஆட்களோடு மேலே ஏறிப் போனார்.