கஞ்சி போட்ட கந்தை

மகளையும் பேத்தியையும் மருமகன் வீட்டுக்குக் கொண்டுவிடுகிற நாள் காலையில், என் அக்கா ஒரு துணிக்கட்டைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். தொட்டால் அட்டைபோல இருந்தது. விரித்துப் பார்த்தேன். நான் தைத்த கந்தைதான். கஞ்சியில் முக்கி, சந்திப்பில் நிற்கிற வண்டிக்காரனிடம் கொடுத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். ஒரு சுருக்கம் இல்லை.

"இப்பம் பாரு, எப்பிடி இருக்குன்னு," என்றாள். "நேத்து கிடந்த கிடப்பு இருக்கே, கிழவன் நெத்தி மாதிரி. சம்பந்தக்காரி பாத்தா என்ன சொல்லுவா?"

நான் யாரிடமும் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. அக்காவிடம் ஒருநாளும் இல்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதை நான் தைக்கத் தெரிந்துகொண்ட கதையைச் சொன்னால்தான், ஏன் நின்றேன் என்பது புரியும்.

நான் அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியவன். தேங்காய்ப்பட்டணத்துத் துறைமுகத்தில் வலை கிழிந்தால் சரிசெய்து கொடுப்பது இப்போது என் வேலை. அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் வளைகுடாவில் ஒரு சலவைக் கம்பெனியில் இஸ்திரி போட்டேன். ஓட்டல் விரிப்புகள். நீராவி முகத்தில் அடிக்கும், விரிப்பு கண்ணாடிபோல வந்து விழும், அடுத்தது வரும். யார் படுக்கப்போகிறார்கள் என்று தெரியாது. நாங்கள் படுத்தது இரும்புக் கட்டிலில், கம்பெனி தந்த நைலான் கம்பளியில். ஏசி ஓடுகிற அறையில் அது சொறியும்.

என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் ஒரு வங்காளி இருந்தான். முர்ஷிதாபாத் பக்கம். என் வயதுதான் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை நான் லுங்கியாகக் கட்டுகிற கிழிந்த சாரத்தைக் கொடியிலிருந்து எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, "காந்தா, காந்தா" என்றான். என் காதில் "கந்தை" என்று விழுந்தது. நான் உடுக்கிற சாரத்தைக் கந்தை என்கிறானே என்று எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை போடத் தெரியாததால் பேச்சை நிறுத்தினேன். அவனுக்குக் காரணம் புரியவில்லை. எனக்கு அரை இந்தி, அவனுக்கும் அரை இந்தி. இரண்டும் சேர்ந்து ஒரு இந்தி ஆகவில்லை.

கடைசியில் அவனே தன் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து என் மடியில் போட்டான். அவன் மனைவி தைத்துக் கொடுத்தது. பழைய சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முழுக்க ஓட்டுத்தையல் போட்டது. துணி முழுக்கச் சின்னச் சின்ன மடிப்பு, காற்று ஓடிய மணல்போல. கையை வைத்தேன், எடுக்க மனம் வரவில்லை. "காந்தா" என்றான் மறுபடியும். அவன் ஊரில் அது இதற்குப் பெயர். என் ஊரிலும் அது கந்தைதான். ஒரே துணி, ஒரே பெயர். அவர்களுக்கு அதில் நாணக்கேடு இல்லை, அவ்வளவே.

அப்புறம் வெள்ளிக்கிழமைகளில் அவனோடு உட்கார்ந்து தைத்தேன். தாய் தைப்பதைப் பார்த்து அவன் பழகியிருந்தான். முதலில் எனக்கு வரவே இல்லை. வலையில் முடிச்சு இறுக வேண்டும், இல்லாவிட்டால் கண் நழுவிவிடும். ஊரில் சிறுவயதிலேயே வலை கட்டிப் பழகிய அந்தக் கை வழக்கத்தில் நூலை இழுத்து இறுக்குவேன். துணி கொத்தாகச் சுருண்டு பை மாதிரி ஆகும். அவன் சிரித்துக்கொண்டே பிரித்துவிடுவான். இறுக்கக் கூடாது. தளரவும் விடக் கூடாது, விட்டால் துணி வெறுமனே தட்டையாகக் கிடக்கும். ஊசியில் மூன்று நான்கு தையலைச் சேர்த்து எடுத்து, நூலை இழுத்து, துணி லேசாக மூச்சு வாங்குகிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு வரிசை அப்படி, பக்கத்தில் இன்னொரு வரிசை அப்படி. இரண்டு வரிசைக்கும் நடுவில் துணி தானாகப் புடைத்துக்கொள்ளும். துவைத்தால் இன்னும் நன்றாகப் புடைக்கும்.

மகள் கருவுற்றாள் என்றதும் பேத்திக்கென்று ஒன்று தைக்க ஆரம்பித்தேன். பேத்தியா பேரனா என்று அப்போது தெரியாது. மனைவி தன் பழைய பருத்திச் சேலைகளைக் கொடுத்தாள். என் சாரம் ஒன்று. ஒரு நைட்டி, தையலைப் பிரித்து விரித்தால் நல்ல அகலம். எல்லாம் துவைத்துத் துவைத்துப் பிஞ்சு இலைபோல ஆன துணிகள். ஒன்றில் நைந்த இடம் இன்னொன்றின் நைந்த இடத்துக்கு மேல் வராதபடி திருப்பித் திருப்பி அடுக்கினேன். தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவி, மூலைக்கு ஒரு அம்மிக்கல், ஒரு செங்கல் என்று கனம் வைத்தேன். முதலில் நீளநீளமான தையலால் அடுக்கை நகராமல் பிடித்துக்கொண்டேன். ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்தேன். பிறகு வரிசை வரிசையாக ஓட்டுத்தையல். ஒரு வரிசை முடிந்தால் முடிச்சை உள் அடுக்குக்குள் இழுத்து ஒளித்துவிடுவேன். எல்லாம் முடிந்தபிறகு நீளத்தையலைப் பிரித்துவிட்டு ஒருமுறை துவைத்தேன். வெயிலில் காய்ந்து எழுந்தபோது, வங்காளியின் மனைவி தைத்ததுபோலவே வரிவரியாக நின்றது.

அதைத்தான் அக்கா தட்டையாக்கி வைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் முதல் பிள்ளையைத் தாய்வீட்டார் கொண்டுவிடும்போது, கூடப் போகிற சாமான்களை அங்கே ஹாலில் பரப்பி வைப்பார்கள். அந்த வீட்டுப் பெண்கள் வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்டில், மெத்தை, உடுப்பு, நகை. மருமகன் வீட்டார் கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துகிறவர்கள். அங்கே எல்லா விரிப்பும் வெள்ளை, எல்லாம் இஸ்திரி.

"இதைக் கொண்டுபோகவே வேண்டாம்ணு நான் சொன்னேன். நீதான் கேக்கல்ல," என்றாள் அக்கா. "சரி, கொண்டுபோறதுன்னா மனுசன் பாக்கும்படியா கொண்டுபோவோம்ணுதான் இப்பிடிச் செய்தேன். அடியில வச்சிரு. கேட்டா கடையில வாங்கினதுன்னு சொல்லு."

"ஏன்?"

"ஏனா? நைட்டியும் சாரமும் சேத்துத் தச்சிருக்கேன்னு சொல்லுவியா? எனக்கப் பேத்திக்கு உடுத்துப் போட்ட கந்தையைக் கொண்டுவந்தான்னு ஊரு பூரா சொல்லுவா அவ."

அப்போதுதான் என் வாய் திறந்தது.

"அக்கா, பிள்ளை பிறந்தன்னைக்கு நர்ஸ் வெளிய வந்து என்ன கேட்டா?"

அக்கா முறைத்தாள்.

"பழைய துணி கொண்டாங்கன்னு கேட்டா. நீதான எனக்கப் பழைய வேட்டியைக் கிழிச்சுக் குடுத்த? பிறந்த உடம்புக்குப் புதுத்துணி ஆகாதுன்னு நீதான சொன்ன?"

"அது ஆஸ்பத்திரியில லே. இது சபையில."

"பிள்ளை ஒண்ணுதானே."

அக்கா பதில் சொல்லுமுன் நான் துணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். துவைக்கிற தொட்டியில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. அமுக்கினேன். கஞ்சி வெள்ளையாகக் கலங்கி வெளியே வந்தது. தண்ணீரை மாற்றி மறுபடி அலசினேன். வாசலில் வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"இஞ்ச பாருங்க," என்று மனைவி ஓடிவந்தாள். "எல்லாரும் வண்டியில ஏறியாச்சு. இந்த நேரத்திலயா துணி துவைக்கியோ?"

"கஞ்சி போகணும்."

அவள் என்னைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். பிறகு துணியின் ஒரு முனையைப் பிடித்தாள். நான் மறுமுனையைப் பிடித்தேன். முறுக்காமல் மடித்து அமுக்கிப் பிழிந்தோம்.

பிளாஸ்டிக் கவரில் போடலாம் என்றாள். கவருக்குள் வைத்தால் புழுங்கும் என்று நான் மடியிலேயே வைத்துக்கொண்டேன். வேனில் அக்கா எனக்கு நேர் முன்னால் இருந்தாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். புது வேட்டி தொடைவரை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"பேத்தி மூத்திரம் போனான்னாவது சொல்லுலே," என்றாள். "இல்லாட்டி நீ போனேன்னு நெனைப்பாவ."

வேனில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மகள்கூட. கூட்டத்தில் யாராவது என்னைப் பார்த்தாலே காது சூடாகிவிடும் எனக்கு. அன்றைக்கும் சூடானது. ஆனால் துணியைக் கீழே வைக்கவில்லை.

மருமகன் வீட்டு வாசலில் இறங்கியதும் பெண்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் போனார்கள். சம்பந்தி அம்மா பிள்ளையை வாங்கி நெற்றியில் சிலுவை வரைந்து முத்தம் கொடுத்தார். நான் முற்றத்திலேயே நின்றேன். லாட்ஜ் விரிப்புகள் காயப்போடுகிற நீளக் கொடி ஒன்று மதிலோரம் கட்டியிருந்தது. அதில் வெள்ளை விரிப்புகள் தொங்கின. இரண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் என் கந்தையை விரித்துப் போட்டேன். கடல் காற்று வந்து அடித்தது.

சம்பந்தி அம்மா வெளியே வந்தார். பின்னாலேயே அந்த வீட்டுப் பெண்களும்.

"இது என்னது அண்ணே?"

கடையில் வாங்கியது என்று சொல்லலாம். விரிப்பு என்றாவது சொல்லலாம்.

"கந்தை," என்றேன்.

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தி அம்மா துணியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். "சுருங்கிக் கிடக்கே. லாட்ஜ் பையன்கிட்டக் குடுத்தா நல்லா இஸ்திரி போட்டுத் தருவான்."

"போடாண்டாம்," என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "அது சுருக்கம் இல்ல, தையல். நான் தச்சது. பிள்ளைக்கு அப்பிடித்தான் இருக்கணும்."

வாயைப் பொத்தியவள்தான் மெதுவாகக் கேட்டாள், "ஆம்பிளையா தச்சாங்க?"

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஆமா, எனக்கத் தம்பிதான் தச்சான். அவன் பெண்டாட்டி சேலை, அவன் சாரம், நைட்டி எல்லாம் போட்டுத் தச்சிருக்கான். கிறுக்கன். நான் நேத்து கஞ்சி போட்டுக் குடுத்தேன், அதையும் இன்னைக்கு வெள்ளத்தில முக்கிட்டான். நீங்க இஸ்திரி போட்டாலும் வந்து முக்குவான், சொல்லிட்டேன்."

சம்பந்தி அம்மா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நிஜமாகவே வந்து முக்குவேன் என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும்.

சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது கந்தை காய்ந்திருந்தது. வரிகள் எல்லாம் எழுந்து நின்றன. மகள் அதைக் கொடியிலிருந்து எடுத்து, ஹாலில் பரப்பியிருந்த சாமான்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைக்கவில்லை. நாலாக மடித்துப் புதுத் தொட்டிலில் போட்டு, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தினாள். பார்க்க வந்தவர்கள் பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் கந்தையையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நான் தொட்டில் பக்கத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டேன். வேட்டி மடிப்புகளில் இன்னும் ஈரம் இருந்தது.