தண்ணி வண்டியில் ஏறிய ஆபீசர்

போன வாரம் அரியலூரிலிருந்து திருமானூர் போகிற பஸ். நல்ல கூட்டம். காலேஜ் பையன் ஒருத்தன் சட்டென்று எழுந்தான். "உக்காருங்க பெரியவரே."

உட்கார்ந்தேன். கால் வலி, எதுக்குப் பொய் சொல்லணும்?

பஸ்ஸில் இது சரி. வேலை செய்கிற இடத்தில்?

எனக்கு ஐம்பத்திரண்டு முடிந்துவிட்டது. சிமெண்ட் ஃபேக்டரிக்குக் கல் எடுக்கிற சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டுகிறேன். போன வருஷம் எங்களுக்குப் புது ஆபீசர் வந்தார். என் மூத்த மகனைவிடச் சின்னவர். நல்ல பிள்ளை. அதுதான் சிக்கலே.

நான் ரூமுக்குள் போனால் எழுந்துவிடுவார். "உக்காருங்க" என்பார். ஆபீசர் எதிரே டிரைவர் உட்காருவதா? நான் நிற்பேன். நான் நிற்கும்போது அவருக்கும் உட்காரக் கூச்சம். ரெண்டு பேரும் நின்றுகொண்டே எவ்வளவு நேரம் பேச முடியும்? "சரிங்க", "சரி சார்"... முடிந்தது.

கொஞ்ச நாளில் என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதைச் செல்வத்திடம் சொல்லி அனுப்புவார். செல்வம் இளவட்டம். அவனும் டம்பர்தான்.

ஒருநாள் காலையில் செல்வம் வந்தான். "அண்ணே, இனிமே நீங்க தண்ணி வண்டியாம். லைட் வேலை. சார் சொல்லச் சொன்னாரு."

சுரங்கத்து ரோட்டில் புழுதி பறக்காமல் தண்ணி தெளிக்கிற டேங்கர். அதில் ட்ரிப்புக்கு இத்தனை என்று வரும் இன்சென்டிவ் காசு கிடையாது. அதுகூடப் போகட்டும். அடுத்த மாசம் பெரிய டம்பர் ரெண்டு வருவதாகப் பேச்சு. வண்டிக் கம்பெனி ஆள் வந்து டிரெய்னிங் தருவார். பழைய டம்பர்களைக் கழித்துவிடுவார்கள். டிரெய்னிங் இல்லாதவன் ரிட்டயர் ஆகிற வரைக்கும் தண்ணி தெளிக்க வேண்டியதுதான்.

டிரெய்னிங்குக்கு எல்லா டம்பர் டிரைவரையும் கூப்பிட்டார்கள். என்னை மட்டும் கூப்பிடவில்லை. தண்ணி வண்டிக்காரனுக்கு எதுக்கு?

"கோயில் யானை மாதிரி தண்ணி பீச்சிக்கிட்டு வரீங்களேண்ணே!" என்பான் செல்வம். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

யூனியனிடம் போ என்றார்கள். போகலாம். இந்த ஆபீசர் பிள்ளை அப்புறம் என் முகத்தைப் பார்க்குமா?

ஒருநாள் ஆபீசரின் ஜீப் ரிப்பேர். மதிய வெயிலில் சுரங்கத்துக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினேன்.

"ஏறுங்க சார்."

ஏறினார். அப்போதுதான் கவனித்தேன்... ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம்! முகம் பார்க்கவும் தேவையில்லை. ரெண்டு பேருக்கும் ரோடுதான் எதிரே.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கய்யா."

"என் வேலையில எதுனா குறையா?"

"ஐயோ, இல்லீங்க."

"வண்டிய எங்கயாச்சும் இடிச்சேனா?"

"இல்லீங்களே."

"அப்புறம் எதுக்கு சார் தண்ணி வண்டி?"

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "எங்கப்பாவும் லாரி டிரைவர்தாங்க. உங்க வயசுதான். ராத்திரி முதுகு வலியில பொரண்டுகிட்டே கெடப்பாரு. உங்களப் பாத்தா... டம்பர் ஓட்டுங்கன்னு சொல்ல வாய் வரல."

நல்ல மனசுதான். ஆனாலும் சொன்னேன்.

"அது உங்கப்பா முதுகு சார். என் முதுகு வலிச்சா நானே வந்து சொல்றேன். கண் டெஸ்ட் வைங்க, ஒடம்ப செக் பண்ணுங்க... எல்லாருக்கும் வைங்க. தேறலன்னா நானே எறங்கிக்கறேன். சொல்றத நேரா எங்கிட்ட சொல்லுங்க. செல்வம் வேணாம்."

வண்டி பள்ளத்தில் இறங்கும்போது, "சரிங்க" என்றார். அவ்வளவுதான்.

மறுவாரம் எல்லாருக்கும் கண் டெஸ்ட். எனக்குப் படிக்க மட்டும் கண்ணாடி எழுதினார்கள். தூரத்தில் இருப்பது நன்றாகவே தெரிகிறது. டிரெய்னிங் முதல் நாள், வெளியூரிலிருந்து வந்த கம்பெனி ஆள் என்னைப் பார்த்தார். ஆபீசரிடம், "இவர் எதுக்கு?" என்றார்.

"வண்டி ஓட்டத்தான்" என்றார் எங்க ஆபீசர்.

புது கியர் சட்டென்று பிடிபடவில்லை. செல்வம் ரெண்டு நாளில் பழகிவிட்டான். எனக்கு அந்த வாரம் முழுக்க ஆனது. ஆனால் ஓட்டினேன்.

இப்போது தண்ணி வண்டி ஆளுக்கு ஒரு வாரம், முறை வைத்து. செல்வத்தின் முறை வந்தபோது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். "யானை வருதுடா" என்றேன்.

ரூமுக்குப் போனால் ஆபீசர் இன்னமும் எழுந்துதான் நிற்கிறார். நானும் உட்காருவதில்லை. பேச வேண்டியது இருந்தால் என் வண்டியில் ஏறிக்கொள்கிறார்.

அசதி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே. அதை நான் சொல்லும் வரைக்கும் கொஞ்சம் பொறுங்களேன்!