கோடு தொலைந்த பெல்ட்

நான் லீவில் யாழ்ப்பாணம் போயிருந்த மூன்று வாரத்துக்குள், சவூதியின் ஜுபைலில் இருக்கும் எங்கள் கம்பனி ஒரு மனிதனின் பாஸ்போர்ட்டைச் செக் நாட்டுக்கு கூரியரில் அனுப்பிவிட்டது. அங்கிருந்த ஃபேக்டரி கேட்டது கன்வேயர் பெல்ட்.

திரும்பி வந்த அன்று காலை, பாஸ்போர்ட்டின் சொந்தக்காரன் என் மேசைக்கு முன்னால் நின்றான். புதுக்கோட்டைப் பக்கத்து ஃபிட்டர், முப்பத்தாறு வயது. இன்னும் பதினெட்டு நாளில் ஊரில் அவனுக்குக் கல்யாணம்.

"மண்டபம் புடிச்சாச்சு, பத்திரிகை அடிச்சாச்சுண்ணே. மாப்பிள்ளை மட்டுந்தான் பாக்கி," என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், வரவில்லை.

நான் செக் நாட்டின் புர்னோ நகரத்தில் இன்ஜினியரிங் படித்தவன். அதனால் எங்கள் கம்பனியின் செக் கடிதமெல்லாம் என் தலையில்தான் விழும். நான் இல்லாத சமயம் அந்தப் பொறுப்பை எச்.ஆர். மேனேஜர் தானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். சென்னைக்காரர். தெரியாது என்று சொன்னால் பதவி குறைந்துவிடும் என்று நினைக்கிற வகை.

பெல்ட் ஃபேக்டரியிலிருந்து வந்த மெயிலைக் காட்டினார். அதில் poskozeny pas என்று இருந்தது. எங்கள் மெயில் சர்வர் செக் எழுத்துகளின் தலையில் இருக்கிற கோடு, கொக்கி எல்லாவற்றையும் வழியிலேயே உரித்துப் போட்டுவிடும். அவர்கள் எழுதியது poškozený pás, பழுதான பெல்ட். அந்த a-வின் மேல் இருக்கிற கோடு நம்முடைய துணைக்கால் மாதிரி. அது போனால் நெடில் குறிலாகிவிடும், பாடம் படமாவதுபோல பெல்ட் பாஸ்போர்ட்டாகிவிடும். கிழிந்த பெல்ட்டுக்கு வாரன்டி கேட்டிருந்தோம், அவர்கள் கிழிந்த துண்டைப் பரிசோதிக்கக் கேட்டிருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

"டேமேஜ் ஆன பாஸ்போர்ட்டுன்னு கம்ப்யூட்டர் டிரான்ஸ்லேஷனே சொல்லிச்சு சார். நம்ம லாக்கர்ல வெச்சிருக்கிற பாஸ்போர்ட்டுல இவனோடது ஒண்ணுதான் அட்டை கிழிஞ்சு கிடந்துச்சு. அது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நாங்களே அசந்துபோயிட்டோம்," என்றார் மேனேஜர்.

திருப்பிக் கேட்டு இரண்டு மெயிலும் போட்டிருந்தார். இரண்டும் Drahy pane என்று ஆரம்பித்தன. அந்த முதல் சொல்லை நெருங்கியவர்களுக்குத்தான் எழுதுவார்கள். கடையில் சொன்னால் விலை கூடியது என்று பொருள். பெறுபவரோ ஒரு பெண். பெயருக்கு முன்னால் Ing., கடைசியில் -ova என்று இருந்தால் பெண் இன்ஜினியர் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆக, முன்பின் தெரியாத ஒரு அம்மையாரை 'என் அன்பான ஐயா' என்று கூப்பிட்டு, கூடவே பெல்ட்டா பாஸ்போர்ட்டா என்று புரியாத ஒரு pas வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். பதில் வராததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

முதலில் அவருடைய பெயரைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கடைசி a-வுக்குக் கோடு உண்டு என்று தெரியும். மற்ற எழுத்துகளில் எதற்குக் கொக்கி என்பதை ஊகிக்க எனக்குத் தைரியமில்லை. பெல்ட்டோடு வந்த பழைய டெஸ்ட் சர்டிபிகேட்டைத் தேடி எடுத்தேன். அச்சடித்த பெயரில் இரண்டு கொக்கி இருந்தது. பிறகு விளி: Vážená paní inženýrko, மதிப்புக்குரிய இன்ஜினியர் அம்மையாரே. கால்புள்ளி போட்டு, அடுத்த வரியைச் சிறிய எழுத்தில் ஆரம்பித்தேன்.

"சின்ன எழுத்துல ஆரம்பிச்சா மரியாதையா இருக்குமா சார்?" என்று மேனேஜர் தோளுக்கு மேலாகக் கேட்டார்.

"அவையின்ர முறை அது. நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ," என்றேன். எனக்கு நல்ல கோபம்.

pas என்ற சொல்லையே நான் தொடவில்லை. cestovní doklad, பயண ஆவணம் என்று எழுதினேன். கோடு உதிர்ந்தாலும் அதற்கு வேறு அர்த்தம் வராது. கடைசியில் S pozdravem, அதாவது வணக்கத்துடன் என்று போட்டு, கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கி இணைத்தேன். அதற்குள் எங்கள் சர்வரின் கை நீளாது.

மறுநாளே பதில் வந்தது. எழுதியிருந்தது மதிப்புக்குரிய இன்ஜினியர் அம்மையார்தான். பாஸ்போர்ட் அவர்களுடைய பரிசோதனைக் கூடத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது. புகார் எண்ணோடு ஒரு சீட்டுக் கட்டி, 'உராய்வினால் வந்த தேய்மானம், உற்பத்திக் குறை அல்ல' என்று முடிவும் எழுதியிருந்தார்கள். அந்தச் சீட்டோடுதான் அது வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஃபிட்டர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"கலாஸ், பிரச்சினை முடிஞ்சுது. இனி பெல்ட்டை அனுப்பிடலாம்," என்றார் மேனேஜர்.

ஒரு முழம் கிழிந்த பெல்ட் கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் கேட் பாஸ் வேண்டும், மூன்று கையெழுத்து வேண்டும். கம்பனிச் சொத்து ஆயிற்றே. துண்டை வெட்டியது அதே ஃபிட்டர்தான், மூன்றாவது கையெழுத்து அவனுடையது. பேனாவை வாங்கியவன் ஃபாரத்தை மேலிருந்து கீழ்வரை படித்தான்.

"பெல்ட்டு போறதுக்கு என்கிட்ட கேக்குறாங்கண்ணே," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.