நூறு பேர் பார்த்த முகம்

மணிவேலைச் செங்கம் ரோட்டில் பலருக்கும் தெரியும். ரமணாசிரமத்துக்கு எதிர்ச்சந்தில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்களுக்குக் கணினி வழியே பேச்சுத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவன். மலை சுற்ற வந்து, தமிழ்மேல் ஆசைப்பட்டு, ஊருக்குத் திரும்பிய பிறகும் விட மனசில்லாமல் தொடர்கிற ஆட்கள். ஒரு வகுப்புக்கு ஐந்து பேர் வந்தால் கூட்டம். ஒன்பது பேர் வந்த நாளை அவன் திருவிழா மாதிரி சொல்லுவான்.

வகுப்பு ஜூமில்தான் நடக்கும். காசு கட்டாத கணக்கு. அதில் ஒரு கூட்டம் நாற்பது நிமிடம்தான் ஓடும். ஓரத்தில் எச்சரிக்கை வரும், அப்புறம் பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். மறுபடி தொடங்கி மறுபடி எல்லோரையும் உள்ளே கூப்பிட வேண்டும். காசு கட்டினால் முப்பது மணி நேரம் வரைக்கும் நீட்டலாம் என்று அவனுக்குத் தெரியும். கட்ட மாட்டான். பாடத்தையே நாற்பது நிமிடத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டான். இலக்கணம் முப்பது, கதை பத்து.

அவன் அப்பா கோதண்டராமன் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மகனைப் பார்க்க மாடி அறைக்கு வந்தவர் ஒருநாள் வகுப்பு பாதியில் அறுந்துபோவதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா இது, ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாடியே எல்லாரையும் எறக்கி உட்டுடுது?"

"ஓசியில அவ்ளோதாம்பா குடுப்பான்."

"ஓசின்னா பினாயிலக்கூட குடிப்பான் என் புள்ள!" என்று சிரித்துக்கொண்டே படி இறங்கிப் போனார். அந்த மனுஷன்தான் ஒரு புதன்கிழமை விடிகாலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

மணிவேலுக்கு அழுகை வரவில்லை. ஊருக்கு வந்து சேர்ந்தான், கண்ணாடிப் பெட்டிக்குச் சொன்னான், மாலைக்குச் சொன்னான், பந்தல்காரனுக்குச் சொன்னான். அடுத்தவர் வீட்டுக் காரியத்தை எடுத்துச் செய்கிறவன் மாதிரி ஓடினான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது உடம்பு முழுக்க. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அப்பா இருந்தார், இவனைப் பிடித்துக்கொண்டு அழ. இன்றைக்கு யாரும் இல்லை.

தங்கை அபிநயா டொராண்டோவில். கிடைக்கிற விமானத்தைப் பிடித்தாலும் மறுநாள் ராத்திரிக்கு முன்னால் வந்து சேர முடியாது. ஊரிலோ மறுநாள் காலையில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டும்போது ஊருக்குள் பிணம் கிடக்கக் கூடாது. அதில் யாரும் யாருக்கும் தயவு பார்ப்பதில்லை.

"இன்னிக்கு மூணு மணிக்கு எடுத்துடணும் மணி. அந்தப் பொண்ணுக்கு ஃபோன்ல காட்டிடு" என்றார் பெரியப்பா சக்கரவர்த்தி.

அபிநயா போனில் அழுதுகொண்டே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணா, என் பேரச் சொல்லி நீயே வாய்க்கரிசி போடு. நீ போடறத நான் பாக்கணும். மொகத்த மூடுறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி அப்பாவ நான் பாக்கணும். அது போதும் எனக்கு."

"பாக்கலாம் பாப்பா."

சித்தப்பா மகன் மாறன் நல்ல யோசனைதான் சொன்னான். "அவளுக்கு மட்டும் வாட்ஸ்அப்புல வீடியோ கால் போட்டா முடிஞ்சிதுல்ல?"

"துபாய்ல ரெண்டு பேரு, பெங்களூர்ல அத்த வூடு, திருப்பூர்ல மாமா. அவங்களும் கேக்குறாங்க மாறா. ஜூம் லிங்க்கா போட்டுடலாம். எனக்குப் பழக்கம்."

பழக்கம்! அதுதான் வினையே. மணிவேலுக்கு ஜூமைப் பற்றித் தெரிந்த ஒரே பயம் நாற்பது நிமிடம். அரிசி போடுகிற நேரத்தில் அறுந்து தொலைந்தால்? அப்பா விஷயத்தில் ஓசி வேண்டாம் என்று அப்போதே, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே, கார்டு எண்ணைத் தட்டி ஒரு மாதத்துக்குப் பணம் கட்டினான். ப்ரோ என்று அதற்குப் பெயர். முப்பது மணி நேரம் என்று போட்டிருந்தது. அதன் கீழேயே நூறு பேர் என்றும் போட்டிருந்தது. ஓசிக் கணக்கிலும் அதே நூறுதான். காசு கட்டினால் நீள்வது நேரம் மட்டும். ஆள் கணக்கு நீள வேண்டுமானால் அதற்கு மேலான திட்டத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் பெரிய கூட்டத்துக்கென்று தனியாக இன்னொரு காசு கட்ட வேண்டும். ஒன்பது பேரையே திருவிழா என்கிறவன் கண்ணுக்கு நூறு எங்கே தெரியும்?

லிங்க்கைக் குடும்பக் குழுவில் போட்டான். அவன் செய்தது அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டும். சாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. காதில் விழுந்தால் வந்துவிட வேண்டும். சேதியைக் கேட்டவன் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது குற்றம். லிங்க்கும் அந்த வழியிலேயே போனது. குடும்பக் குழுவிலிருந்து ஊர்க் குழுவுக்கு, அங்கிருந்து பஸ் டிரைவர், கண்டக்டர் குழுவுக்கு. கோதண்டராமன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சென்னையிலும் ஓசூரிலும் இருந்தார்கள். "ஓடியா ஓடியா" என்று படியில் நின்று விசில் ஊதி, ஓடி வருகிற பிள்ளைகளுக்காக வண்டியை நிறுத்தி வைத்த மனுஷன். வராமல் இருப்பார்களா? ஒரே வீட்டில் அப்பன் ஒரு போன், மகன் ஒரு போன், மருமகள் ஒரு போன்.

இரண்டு மணிக்கு மாறன், மணிவேலின் போனைக் கேமரா முக்காலியில் மாட்டிப் பெட்டியின் தலைமாட்டில் நிறுத்தினான். மணிவேல் கூட்டத்தைத் தொடங்கிவிட்டு, நடுவில் எந்த அழைப்பும் வந்து படத்தைக் கெடுக்கக் கூடாதென்று மணி அடிப்பதையும் சேதி வருவதையும் அமர்த்தி வைத்தான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். சட்டையைக் கழற்றினான். ஈர வேட்டியோடு வந்து நின்றான். மேளம் அடித்தார்கள். பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது.

நாற்பது நிமிடம் தாண்டியதை மாறன்தான் அவன் காதில் வந்து சொன்னான். "அறுக்கல மணி. ஓடுது. நூறு பேரு பாக்குறாங்கடா உங்கப்பாவ! நூறு!"

மணிவேல் தலையை ஆட்டினான். அபி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு ஒன்றுதான் அன்றைக்கு அவனுக்குள் கொஞ்சம் சூடாக இருந்தது.

அபிநயா பார்க்கவில்லை. விடியாத நேரத்தில் குளித்து, ஒரு பிடி அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு லிங்க்கைத் தொட்டபோது, கூட்டம் நிறைந்துவிட்டது, இடமில்லை என்று வந்தது. மணிவேலின் போனையும் சேர்த்துச் சரியாக நூறு. அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடிக்கவில்லை. மாறனைக் கூப்பிட்டாள். மேளச் சத்தத்தில் அவன் பாக்கெட்டுக்குள்ளேயே அடித்து ஓய்ந்தது. குழுவில் எழுதினாள்: யாராவது ஒருத்தர் வெளியே போங்க, என்னால உள்ளே வர முடியல.

படித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் எடுக்கிறதுக்கு முன்னால் சாவு வீட்டை விட்டு எழுந்து போகிற வழக்கம் நம்மிடம் உண்டா? நான் போனால் நாளைக்கு ஒரு பேச்சாகிவிடும், வேறு யாராவது போவார்கள் என்று ஆளாளுக்கு உட்கார்ந்திருந்தார்கள். திருப்பூர் மாமா மட்டும் மனசு கேட்காமல் வெளியேறினார். காலியான அந்த ஒரு இடத்தில் அபிநயா கை வைப்பதற்குள், அவளைப் போலவே வாசலில் காத்திருந்த எவரோ ஒருவர் ஓசூரிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டார். பாவம், அவரும் கோதண்டராமனைப் பார்க்கத்தான் வந்தார்.

"மொகம் பாக்குறவங்க பாத்துக்குங்க!" என்று சக்கரவர்த்தி பெரியப்பா குரல் கொடுத்தார். மணிவேல் ஒரு பிடி அரிசியை எடுத்தான். போனைப் பார்த்தே, சத்தமாக, "இது அபிநயா போடுறது" என்று சொல்லி அப்பாவின் வாயில் போட்டான். அடுத்த பிடியைத் தனக்காகப் போட்டான். துணியை இழுத்து முகத்தை மூடினார்கள். தூக்கினார்கள்.

ஏரிக்கரைச் சுடுகாட்டில் சிக்னல் கிடையாது. அதனால் போனை எடுத்துப் போகாமல் முக்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

கொள்ளி வைத்து, தலை முழுகித் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் ஏற்றி வைத்த விளக்கைக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தான். கூடத்தில் பெட்டி இல்லை. தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரம் இன்னும் காயவில்லை. முக்காலி மட்டும் நின்ற இடத்திலேயே, சார்ஜர் வயரோடு நின்றது. கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இரண்டே பேர். அவன் போன் ஒன்று. அபிநயா.

முகம் வீங்கிக் கிடந்தது. எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாளோ.

"எப்ப பாப்பா வந்த?"

"எல்லாரும் எழுந்து போனப்பதான் எடம் கெடச்சுதுண்ணா. நான் வர்றப்ப பெரியம்மா தண்ணி ஊத்திக் கழுவிட்டு இருந்தாங்க."

மணிவேலுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நிறைந்துவிட்டது என்று வந்ததை, கூப்பிட்டதை, எழுதியதை, திருப்பூர் மாமா போனதை. கோபம் இல்லை அவள் குரலில். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. நூறு என்று கேட்டபோதே தெரிந்திருக்க வேண்டும். காதில் விழுந்ததே, மாறன் சொன்னானே. தலையை ஆட்டினோமே.

"அப்பாவப் பாக்க வேற ஏதாச்சும் இருக்கா? யாராச்சும் எடுத்து வெச்சாங்களா?"

கூட்டத்தைப் பதிவு செய்ய ஒரு பொத்தான் உண்டு. வகுப்பில் அதை அவன் ஒருநாளும் தொட்டதில்லை, இன்றைக்கும் தொடவில்லை. சாவை எவன் படம் பிடித்து வைப்பான்? ஊரிலும் யாரும் எடுக்கவில்லை.

"இல்ல பாப்பா."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வாய்க்கரிசி போட்டியாண்ணா?"

"போட்டேன். உன் பேரச் சொல்லித்தான் மொதல்ல போட்டேன்."

"யாருண்ணா பாத்தாங்க?"

மணிவேல் ஈரத் தரையில் உட்கார்ந்தான்.

"எல்லாரும் பாத்தாங்க பாப்பா" என்றான்.