நான்கு வருடம் கழித்து எந்த வட்டம்

செஞ்சியில் ஓர் அரசுக் கல்லூரி. கணிதத் துறையில் நானும் இன்னொருவரும் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவம் பெயரோடு சரி; மே மாதம் சம்பளம் கிடையாது. அவருடைய மாமனாருக்குக் கடைவீதியில் பெயின்ட் கடை. மருமகன் வந்து கல்லாவில் உட்காரட்டும், இல்லாவிட்டால் மகன் பேருக்கு எழுதிவிடுகிறேன் என்று மாமனார் பதில் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மதியம் துறை அறையில், பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் அவர் மூன்று வட்டம் போட்டார். நடுவில் ‘கௌரவம்’. அதிலிருந்து கிளம்பி அதற்கே திரும்பும் அம்பு, வாய்ப்பு முக்கால். ‘நிரந்தரம்’ என்ற வட்டத்துக்கு இருபதில் ஒன்று. ‘கடை’ என்ற வட்டத்துக்கு ஐந்தில் ஒன்று. அந்த இரண்டிலிருந்தும் வெளியே வர அம்பு இல்லை; போனால் போனதுதான். ஓர் அடி ஒரு வருடம். எண்கள் எல்லாம் அவர் உத்தேசமாகப் போட்டவை.

“சிக்குறதுக்கு எத்தனை அடின்றது எக்ஸ்னு வெச்சுக்குங்க மேடம். ஓரடி எப்படியும் உண்டு. முக்கால் வாய்ப்புல திரும்ப இதே இடம். எக்ஸ் சமம் ஒண்ணு கூட்டல் முக்கால் எக்ஸ். அப்ப எக்ஸ் நாலு. சரியா?”

“சரிதான் சார். ஆனா அது எந்த வட்டத்துல சிக்கினாலும் நாலுதான்.”

“அது தெரியாதா மேடம்” என்று சிரித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். முகமெல்லாம் தெளிச்சி.

“அக்கா, நாலு வருஷத்துல அவருக்கு கவர்மென்ட் வேலைன்னு கணக்கு வருதாமே. நீங்களும் பாத்து சரின்னு சொன்னீங்களாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தலையை எதற்கு உருட்டுகிறார்?

“நாலு வருஷம்ன்றது சராசரிம்மா. அதுவும் வேலை, கடை ரெண்டுல ஏதோ ஒண்ணுல போய் நிக்கிறதுக்கு. வேலையிலதான் நிப்பாருன்றது வேற கணக்கு.”

“அது எவ்ளோ வருது?”

வருடத்துக்கு வெளியேறும் வாய்ப்பு மொத்தம் கால். வேலைப் பக்கம் மட்டும் இருபதில் ஒன்று. வகுத்தால் ஐந்தில் ஒன்று. சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் கேட்ட பிறகு மழுப்ப வாய் வரவில்லை.

“அவரு போட்ட எண்படி, அவர மாதிரி அஞ்சு பேரு நின்னா ஒருத்தருக்குக் கெடைக்கும். மீதி நாலு பேரும் கடைக்குத்தான்.”

தொண்டூர் பஸ் ஹாரன் அடித்தபடி உள்ளே நுழைந்தது. அவள் ஒதுங்கக்கூட இல்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

“இது அவருக்குத் தெரியாதாக்கா?”

“தெரியும்மா. பசங்களுக்கு இந்தப் பாடமே அவர்தான் எடுக்குறாரு.”

அவள் என் கையை விடவில்லை.

“அவரு கடைக்கு வரமாட்டாரு, தம்பி பேருக்கே எழுதிடுன்னு நைனாகிட்ட நான்தான் சொன்னேன். காலைலதான் ரெஜிஸ்டர் ஆபீஸ் போய் முடிச்சுட்டு வந்தாங்க.”