நகம் பதியத் தேய்த்த எண்ணெய்

மகளின் நெற்றியோரம் முடி கொட்டிக்கொண்டிருந்தது. பலமாகத் தேய்த்தால் முளைக்கும் என்று நம்பி, தினமும் நகம் பதிய எண்ணெய் தேய்த்து, பள்ளிக்கூடத்துக்கு இறுக்கிப் பின்னிவிட்டேன். ஒரு காலை அவள் திமிறினாள்.

"விடுங்கம்மா, வலிக்குது!"

"மொட்டையாவே திரியப்போறியா?" என்று கன்னத்தில் அறைந்தேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை என் முகத்தில் வீசினாள். புருவம் கிழிந்து இரத்தம் வழிந்தது.

தெரணியகலை ஆஸ்பத்திரியில் எனக்குத் தையல் போட்ட டாக்டர் அவள் தலையையும் பார்த்தார். எண்ணெய் முடியை மிருதுவாக்கும், மினுங்கவும் வைக்கும், ஆனால் முளைக்க வைக்காது என்று சிங்களத்தில் சொன்னார். முடியைப் பிடுங்கியது நான் இறுக்கிப் போட்ட பின்னல்தானாம்.

"கேட்டீங்களா?" என்றாள் மகள்.

இப்போது அவளே மெதுவாக எண்ணெய் தடவி, தளர்வாகக் கட்டுகிறாள். கூந்தல் மினுங்குகிறது. நெற்றியோரத்தில் பூனைமுடி எட்டிப்பார்க்கிறது. தொட்டுப் பார்க்க நான் கை தூக்கினால், முகத்தை மறைத்துக்கொள்கிறாள்.